கையெழுத்துக்குப் பிறகு வரும் மௌனம்

"நேர்முகத் தேர்வு வைத்தோம், கடிதம் கொடுத்தோம், கையெழுத்தும் போட்டான். முதல் நாள் ஆளைக் காணோம். போன் அடித்தால் எடுக்கவே இல்லை." ஜொகூரில் ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தப் புலம்பலைக் கேட்காமல் திரும்ப முடியாது. புலம்பலின் முடிவில் ஒரு தீர்ப்பும் வரும்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை."

பெக்கான் நானாஸ் வட்டாரத்தில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் பல ஆண்டுகளாக ஆள் எடுக்கும் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். அந்தத் தீர்ப்பு எனக்கு ஏற்புடையதாக இல்லை. பொறுப்பில்லாதவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். ஆனால், வேலையை ஏற்றுக்கொண்டு முதல் நாள் வராமல் போனவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் பல நாள்களுக்கு முன்பே முளைத்திருந்தது. அதைச் சொல்ல அவர்களுக்கு வழி இல்லை. கேட்க நிறுவனத்துக்கு நினைப்பு இல்லை. கையெழுத்துப் போட்ட நாளுக்கும் வேலைக்குச் சேரும் நாளுக்கும் நடுவே மூன்று வாரமோ ஆறு வாரமோ இரு தரப்பும் பேசிக்கொள்வதே இல்லை. ஆள் தொலைவது அந்த மௌனத்தில்தான்.

அந்த இடைவெளியில் என்ன பேச வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாளை நீங்கள் ஆள் எடுக்கும் மேசையில் உட்காரலாம். இன்று அந்த மேசைக்கு எதிரே உட்காரப் போகிறவராகவும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் இது உதவும்.

ஏன் வருவதில்லை?

பெக்கான் நானாஸ் எங்கே இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். பொந்தியான் மாவட்டத்தில், அன்னாசியின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட சின்னப் பட்டணம். ஒரு பக்கம் கூலாய், செனாய்த் தொழிற்பேட்டைகள். இன்னொரு பக்கம் கேலாங் பாத்தா. அதைத் தாண்டினால் 1998-ல் திறந்த இரண்டாம் இணைப்புப் பாலம், அந்தப் பக்கம் சிங்கப்பூரின் துவாஸ். இங்கே வேலை தேடும் ஓர் இளைஞனின் கையில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வாய்ப்புகள் இருப்பது சாதாரணம்.

இந்த ஊருக்கே உரிய ஒரு காரணம் சிங்கப்பூர் அனுமதி. அங்கே வேலைக்குப் போகும் மலேசியருக்கு அங்குள்ள முதலாளிதான் மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் வரும், பிறகுதான் வேலை அனுமதி. அந்தக் கடிதம் எப்போது வரும், வருமா வராதா என்று தெரியாமல் எத்தனை நாள் காத்திருப்பது? அதனால் உள்ளூரில் கிடைத்த வேலைக்கும் கையெழுத்துப் போட்டு வைக்கிறார்கள். நம்மிடம் சேர வேண்டிய நாளுக்கு நான்கு நாள் முன்பு அந்த ஒப்புதல் வந்துவிட்டால், ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் என்ற கணக்குக்கு முன்னால் நம் கடிதம் நிற்காது.

மற்றக் காரணங்கள் எல்லா ஊருக்கும் பொது. பழைய முதலாளி சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லி நிறுத்திவிடுவார். போனஸ் கைக்கு வரும்வரை அங்கேயே இருந்துவிடலாம் என்று மனம் சொல்லும். காலை ஏழரை மணி வேலைக்குப் பஸ் கிடையாது என்பது கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறைக்கும். "அவ்வளவு தூரமா? வேண்டாம்பா" என்று வீட்டில் அம்மா சொல்லியிருப்பார். இவற்றில் ஒன்றுகூடக் கடைசி நாளில் திடீரென்று முளைப்பதில்லை.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குணம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்க மத்திய வங்கி நாட்டின் தொழில் நிலவரம் பற்றி அவ்வப்போது 'பெய்ஜ் புக்' என்ற அறிக்கையை வெளியிடுகிறது. 2018 டிசம்பர் அறிக்கையில் சிகாகோ வட்டார முதலாளிகள் இதே போன்ற குறையைச் சொல்லியிருந்தார்கள்: ஆள்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள், அதன்பின் எந்தத் தொடர்புக்கும் அகப்படுவதில்லை. அப்போது அங்கே வேலையில்லாதோர் விகிதம் 4 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. வேலை தேடுவோர் குறைந்து, வேலைகள் கூடும்போது எந்த நாட்டிலும் இது நடக்கிறது. குணத்தைவிடக் கையில் இருக்கும் வாய்ப்புகளின் எண்ணிக்கைதான் இதைத் தீர்மானிக்கிறது.

கேட்கக் கூடாத கேள்வி

சில நிறுவனங்கள் இடையில் ஒருமுறை போன் செய்யத்தான் செய்கின்றன. சேரும் நாளுக்கு முதல் நாள் மாலை கூப்பிட்டு, "நாளைக்கு வருவீங்கதானே?" என்று கேட்பார்கள். "கண்டிப்பா வருவேன்க்கா" என்று பதில் வரும். மறுநாள் ஆள் வராது.

அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. நம் வளர்ப்பு அப்படி. நல்லபடியாகப் பேசும் ஒரு பெரியவரிடம் "வரமாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்ல நம் பிள்ளைகளுக்கு நாக்கு எழாது. அந்த நிமிடத்தின் சங்கடத்தைத் தாண்டுவதற்காக "வருவேன்" என்பார்கள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நாம் கேட்ட விதம் அப்படி.

கேள்வி உண்மைகளைப் பற்றியதாக இருக்க வேண்டும். "ராஜினாமாக் கடிதம் எந்தத் தேதியில் கொடுத்தீங்க? யார் வாங்கிக்கிட்டாங்க?" "கடைசி வேலை நாள் எதுன்னு சொன்னாங்க?" "வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பணும், எதில் வருவீங்க?" "வேற எங்கயாவது பதிலுக்குக் காத்திருக்கீங்களா?" இவற்றுக்குத் தேதியாகவும் மணியாகவும் பெயராகவும்தான் பதில் சொல்ல முடியும். ராஜினாமாக் கடிதமே கொடுக்காதவரால் கடைசி வேலை நாளைச் சொல்ல முடியாது. அந்தத் தடுமாற்றத்திலேயே விஷயம் வெளியே வந்துவிடும்.

சிங்கப்பூரைப் பற்றி நான் நேரடியாகவே கேட்கிறேன். "அங்கே விண்ணப்பம் போட்டிருந்தா சொல்லுங்க. தப்பில்லை, உங்களை எடுக்காம விடப்போறதில்லை. எப்போ பதில் வரும்னு தெரிஞ்சா நான் அதுக்கேத்த மாதிரி ஏற்பாடு செய்வேன்." இப்படிச் சொன்ன பிறகு மறைப்பவர்கள் குறைவு. சொன்னால் வேலை பறிபோகும் என்ற பயம்தான் அதுவரை வாயைக் கட்டியிருக்கும்.

ஒரு தம்பியின் ஏழு வாரம்

ஓர் உண்மை நிகழ்வைத் தேதிவாரியாகச் சொன்னால் இது விளங்கும். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிடுகிறேன்.

கூலாய்ப் பக்கம் ஒரு கிடங்கில் மூன்று ஆண்டாக இரவு வேலை செய்துகொண்டிருந்த ஒரு தம்பி. உணவுத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா படித்தவர். எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் உதவியாளர் வேலைக்கு அவரைத் தேர்ந்தெடுத்தோம். அங்கே 2,000 ரிங்கிட், எங்களிடம் 2,300. ஜூலை 7-ம் தேதி கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஆகஸ்ட் 4-ல் சேர வேண்டும் என்று கடிதம் சொன்னது. நேர்முகத் தேர்வில் கேட்டபோது "முடியும்" என்றுதான் சொல்லியிருந்தார்.

மறுநாள் இரவு ஏழரை மணிக்கு முதல் அழைப்பு. பகலில் கூப்பிடுவதில்லை, அவர்கள் பழைய முதலாளியின் இடத்தில் இருப்பார்கள், பேச முடியாது. "உங்க பழைய வேலைக் கடிதத்தில் எத்தனை நாள் நோட்டீஸ் போட்டிருக்கு, தம்பி?" என்று கேட்டேன். கடிதத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, எதுவும் எழுதவில்லை என்றார்.

ஒப்பந்தத்தில் எழுதியிருக்காவிட்டால் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் கணக்கு வரும். வேலை செய்த காலம் இரண்டு ஆண்டுக்குள் என்றால் 4 வாரம். இரண்டு ஆண்டு முடிந்து ஐந்துக்குள் என்றால் 6 வாரம். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 8 வாரம். தம்பிக்கு மூன்று ஆண்டு. ஆக 6 வாரம். அன்றே ராஜினாமா கொடுத்திருந்தால்கூட ஆகஸ்ட் 4-ல் சேர முடியாது. முன்கூட்டியே விலக வேண்டுமென்றால் மீதி நாள்களுக்கு ஈடாகச் சம்பளப் பணத்தைக் கட்ட வேண்டும். அவர் விஷயத்தில் அது ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் வரும். அவர் கையில் அவ்வளவு பணம் இல்லை.

அந்த அழைப்பு நடக்காமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? ராஜினாமா கொடுக்கும் நாளில் அவருடைய மேலாளர் "ஆறு வாரம் இருந்துட்டுப் போ" என்றிருப்பார். "தேதியை மாத்துங்க" என்று எங்களிடம் கேட்டால் வேலை போய்விடுமோ என்று தம்பி தயங்கியிருப்பார். ஆகஸ்ட் 4 காலையில் போனை அணைத்து வைத்திருப்பார். நாங்கள் அவரைப் பொறுப்பில்லாதவர் என்றிருப்போம்.

இன்னொன்றையும் அன்றே சொன்னேன்: "மருத்துவப் பரிசோதனை முடிவு வரும்வரை ராஜினாமா கொடுக்காதீங்க." எங்கள் கடிதம், மருத்துவத் தகுதி இருந்தால்தான் வேலை என்று சொல்கிறது. உணவுத் தொழிற்சாலையில் அது வெறும் சம்பிரதாயம் இல்லை. பழைய வேலையை விட்டபின் பரிசோதனையில் ஏதாவது சிக்கல் வந்தால் பிள்ளை நடுத்தெருவில் நிற்கும். ஜூலை 10-ல் கிளினிக்குக்குப் போனார், 11-ல் முடிவு வந்தது, அன்றே ராஜினாமா கொடுத்தார். ஆறு வாரம் ஆகஸ்ட் 22-ல் முடியும். சேரும் தேதியை ஆகஸ்ட் 25 என்று மாற்றிப் புதுக் கடிதம் அனுப்பினோம். தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர் முகத்தைச் சுளித்தார். வராத ஆளுக்காகக் காத்திருப்பதைவிட மூன்று வாரம் தாமதமாக வரும் ஆள் மேல் என்றதும் ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது அழைப்பு ஜூலை 15-ல். ராஜினாமா கொடுத்த முதல் வாரம்தான் மிகவும் ஆபத்தான வாரம். பழைய முதலாளி எதிர்ச்சலுகை கொடுப்பதும் அப்போதுதான். எதிர்பார்த்தபடியே, "மேனேஜர் இருநூறு கூட்டித் தரேங்கிறாரு, அக்கா" என்றார்.

இங்கேதான் பலர் விற்பனையாளர் போலப் பேசி ஆளை இழக்கிறார்கள். நான் கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். அங்கே 2,200. எங்களிடம் 2,300, ஆனால் தினமும் கூடுதல் தூரம் வருவதற்கு மோட்டார் சைக்கிள் பெட்ரோலுக்கு மாதம் ஏறக்குறைய நூறு போகும். ஆகப் பணம் இரண்டு பக்கமும் சமம். "பணத்துக்காக மட்டும்னா வர வேண்டியதில்லை, தம்பி. நேர்முகத் தேர்வில் எதுக்கு வேலை மாறணும்னு சொன்னீங்க?" இரவு வேலையிலிருந்து வெளியே வர வேண்டும், படித்த படிப்பை ஆய்வகத்தில் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். எதிர்ச்சலுகை அந்த இரண்டையும் தரவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள் யோசிச்சுச் சொல்லுங்க. வரலைன்னாலும் சொல்லுங்க, கோபப்பட மாட்டேன்" என்று வைத்துவிட்டேன். வியாழக்கிழமையே செய்தி வந்தது, வருகிறேன் என்று.

மூன்றாவது அழைப்பை நான் செய்யவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் மேற்பார்வையாளர் பேசினார். முதல் மாதம் என்ன வேலை, யாரோடு, எந்த இயந்திரம் என்று விளக்கினார். யார் கீழே வேலை செய்யப் போகிறோமோ அவருடைய குரலை ஒருமுறை கேட்டுவிட்டால் அந்த இடம் அந்நியமாகத் தெரியாது.

நான்காவது அழைப்பு சேர்வதற்கு ஒரு வாரம் முன்பு. அது முழுக்க வழியையும் பொருளையும் பற்றியது. எந்த வாசல், மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்துவது, காலணி அளவு என்ன, மதியச் சாப்பாடு உள்ளே கிடைக்குமா, சேமநிதி எண்ணையும் வங்கிக் கணக்கையும் எப்படி அனுப்புவது. மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். கூலாய்ப் பக்கமிருந்து வரும் கம்பெனி வேன் எங்கே நிற்கும் என்று சொல்லி, ஓட்டுநரின் எண்ணைக் கொடுத்தேன்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு சின்ன வாட்ஸ்அப் செய்தி: "நாளை 7.20-க்குப் பின்வாசலில் காத்திருப்பேன்." திங்கட்கிழமை 7.10-க்கே தம்பி நின்றுகொண்டிருந்தார். ஐந்து தொடர்பும் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

'இல்லை' என்பதும் நல்ல பதில்

இப்படிப் பேசினால் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. அதே ஆண்டில் ஓர் அலுவலக வேலைக்குத் தேர்வான ஒரு தங்கை, இரண்டாவது அழைப்பிலேயே சிங்கப்பூர் ஒப்புதலுக்குக் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். பத்து நாள் கழித்து ஒப்புதல் வந்தது, அன்றே செய்தி அனுப்பினார். எங்களால் அந்தச் சம்பளம் கொடுக்க முடியாது. வாழ்த்திவிட்டுப் பட்டியலில் இரண்டாவதாக இருந்தவரைக் கூப்பிட்டோம். சேரும் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்ததால் அவர் தம் பழைய வேலையை முறைப்படி விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

என் கணக்கில் இதுவும் வெற்றிதான். இடையில் பேசுவதன் நோக்கம் ஆளைப் பிடித்து வைப்பது என்று நினைத்தால் அது தொல்லையாக மாறிவிடும். தினமும் செய்தி அனுப்புவதும், "உங்களை நம்பித்தான் இருக்கோம்" என்று மனத்தை உருக்குவதும், வராவிட்டால் வழக்குப் போடுவோம் என்று மிரட்டுவதும் ஆளை ஒளிந்துகொள்ளத்தான் வைக்கும். வருவாரா மாட்டாரா என்ற உண்மை நேரத்தோடு தெரிய வேண்டும். நமக்கு வேண்டியது அதுதான்.

ஏன் நேரத்தோடு? பட்டியலில் இரண்டாவதாக ஒருவர் இருக்கிறார் என்பதை முதலாமவர் நினைத்துப் பார்ப்பதில்லை. அவருக்கும் அந்த வேலை தேவைதான். முதலாமவர் கையெழுத்துப் போட்ட அன்றே பல நிறுவனங்கள் அவருக்கு "வருந்துகிறோம்" என்று கடிதம் அனுப்பிவிடுகின்றன. முதலாமவர் வராமல் போன திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டால், மனம் நொந்து போய் வேறு எங்கோ குறைந்த சம்பளத்தில் சேர்ந்திருப்பார். அதனால் நான் இரண்டாமவரிடமும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: "வேறொருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். நீங்கள் அடுத்த இடத்தில் இருக்கிறீர்கள். எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், நல்ல வேலை கிடைத்தால் போங்கள். இங்கே இடம் காலியானால் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவேன்."

எப்படி முன்கூட்டியே தெரியும்?

சொல்லைவிடச் செயலைப் பாருங்கள். கிளினிக்குக்குப் போனாரா, வங்கி விவரம் அனுப்பினாரா, ராஜினாமா ஏற்றுக்கொண்ட கடிதம் வந்ததா? இவை தேதிக்குள் நடந்தால் ஆள் வருகிறார். முதலில் ஒரு மணி நேரத்தில் வந்த பதில், பிறகு ஒரு நாளும் அதன்பின் மூன்று நாளும் எடுத்தால் ஏதோ நடக்கிறது என்று பொருள். அப்போது செய்தி அனுப்பாமல் நேரடியாகப் பேசுவது நல்லது.

என் அனுபவத்தில் இன்னொரு அடையாளம் உண்டு. எதையும் கேட்காமல் எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்பவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கேண்டீனில் சைவம் கிடைக்குமா, சம்பளம் எந்தத் தேதியில் வரும், தீபாவளிக்கு எத்தனை நாள் விடுமுறை என்று துளைத்துக் கேட்பவர் மனத்தளவில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. உற்பத்திப் பிரிவுக்கு ஒரே நாளில் முப்பது பேரை எடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஐந்து முறை பேச ஆளும் நேரமும் இருக்காது. அங்கே நோட்டீஸ் தேதியைக் கேட்கும் முதல் அழைப்பையும், வழியைப் பற்றிய கடைசி வாரச் செய்தியையும் மட்டுமாவது விடாமல் செய்தால் போதும். சம்பளம் சந்தை நிலவரத்தைவிட மிகக் குறைவு என்றால் ஐம்பது முறை கூப்பிட்டாலும் பயனில்லை. அது அழைப்பால் தீரும் நோய் இல்லை.

நிறுவனங்கள் மட்டும் ஒழுங்கா?

இளையோரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இந்தியாவின் இன்ஃபோசிஸ் நிறுவனம் 2022-ல் கல்லூரி வளாகங்களில் தேர்ந்தெடுத்து வேலைக் கடிதம் கொடுத்தவர்களில் ஏறத்தாழ 2,000 பேர், சேரும் தேதி தெரியாமல் இரண்டு ஆண்டு காத்திருந்தார்கள். புனேயைச் சேர்ந்த தகவல் தொழில்நுட்ப ஊழியர் அமைப்பு ஒன்று 2024-ல் மத்தியத் தொழிலாளர் அமைச்சிடம் புகார் கொடுத்தது. கொடுத்த கடிதங்களை மதிப்போம் என்று நிறுவனத் தலைமை அறிவித்தது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் பலருக்கு வேலை தொடங்கியது.

அந்தப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்ட கடிதத்தை நம்பி மற்ற வாய்ப்புகளை விட்டவர்கள். முதல் நாள் காலையில் நாற்காலி காலியாக இருந்தால் முதலாளிக்கு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். இரண்டு ஆண்டு போன் வராமல் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? இடைவெளியில் பேசும் கடமை கடிதம் கொடுத்தவருக்குத்தான் முதலில் உண்டு. வேலை தள்ளிப் போகிறது, பிரிவு மாறுகிறது என்றால் அதையும் நிறுவனமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். தான் வாய் திறக்காத நிறுவனம், இளைஞன் வாய் திறக்கவில்லை என்று எப்படிக் குறை சொல்லும்?

வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கு

நேர்முகத் தேர்வுக்குப் போகும் முன் உங்கள் பழைய கடிதத்தை எடுத்து நோட்டீஸ் காலத்தைப் பாருங்கள். "எப்போது சேரலாம்?" என்று கேட்டால் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள். "உடனே வரேன்" என்று ஆசைக்குச் சொன்ன தேதிதான் பின்னால் உங்களை ஒளிய வைக்கும். கடிதம் எழுத்தில் கைக்கு வந்து, அதிலுள்ள நிபந்தனைகள் நிறைவேறும்வரை பழைய வேலையை விடாதீர்கள். சேரும் தேதியை மாற்றக் கேட்பது தவறு இல்லை. கேட்டதற்காகவே வேலையைப் பறிக்கும் இடம் என்றால் அது முன்கூட்டியே தெரிந்தது நல்லதுதான்.

மனம் மாறிவிட்டது, போகப் போவதில்லை என்று முடிவானால் அன்றே சொல்லுங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் எழுதுங்கள். காரணம் விளக்கிக் கட்டுரை எழுத வேண்டியதில்லை. "வணக்கம் அக்கா. எனக்கு வேறு இடத்தில் வேலை உறுதியாகிவிட்டது. 25-ம் தேதி என்னால் சேர முடியாது. வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி." இவ்வளவுதான். மறுமுனையில் இருப்பவர் ஒரு நிமிடம் பெருமூச்சு விடுவார், பிறகு அடுத்தவரைக் கூப்பிடப் போய்விடுவார். கடிதத்தில் சேராவிட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே படித்துவிடுங்கள்.

இந்த வட்டாரத்தில் ஆள் எடுப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள். மூன்று வாரம் முன்பே "முடியாது" என்று சொன்ன பெண்ணின் பெயரை நான் மறக்கவில்லை. நாளை அவர் திரும்பி வந்தால் கதவு திறந்தே இருக்கும். போனை அணைத்தவர்களின் பெயர்களும் நினைவில் இருக்கின்றன. ஆனால் அவர்களில் எத்தனை பேரிடம் யாராவது சரியான கேள்வியைச் சரியான வாரத்தில் கேட்டிருப்பார்கள் என்று யோசிக்கும்போது, அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யாரையும் தீர்ப்பிட எனக்கு மனம் வருவதில்லை. ஆள் வரவில்லை என்று புலம்பும் மேலாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கையெழுத்து வாங்கிய நாளிலிருந்து அவரிடம் எத்தனை முறை பேசினீர்கள்?